எக்செல்லில் ஸ்க்ரோல் பார் நூலாக மெலிந்தபோது

கடை இருப்புப் பட்டியலில் 640 வரிசைகள்தான். ஆனால் ஸ்க்ரோல் பாரைத் தொட்டாலே திரை ஆயிரக்கணக்கான வரிசைகள் தாண்டி வெறுமைக்குப் போய்விடும்.

பயன்படுத்திய கடைசிக் கட்டம் எது என்று பார்க்க Ctrl+End அழுத்தினேன். கர்சர் H61204-இல் நின்றது. தரவுக்குக் கீழே அதுவரை யாரோ பார்டர் போட்டிருந்தார்கள். எக்செல்லுக்கு வடிவமைப்பு உள்ள வெற்றுக் கட்டமும் பயன்படுத்திய கட்டம்தான். ஸ்க்ரோல் பாரின் அளவு அதை வைத்தே அமைகிறது.

Delete விசை இங்கே உதவாது. அது உள்ளடக்கத்தை மட்டும் நீக்கும், பார்டர் அப்படியே இருக்கும். வரிசையையே நீக்க வேண்டும். 641-ஆம் வரிசை எண்ணைக் கிளிக் செய்து, Ctrl+Shift+↓ அழுத்தினேன். தேர்வு 1048576 வரை போனது. நடுவில் நின்றால் அங்கே ஏதோ பதிவு இருக்கிறது. தேவையானதா என்று பார்த்துவிட்டு மறுபடி அழுத்தலாம். மற்ற நெடுவரிசைகளிலும் ஒரு கண் வையுங்கள், ஒற்றை இடைவெளிகூட பதிவுதான்.

அப்புறம் Ctrl+- அழுத்தி, கோப்பைச் சேமித்தேன். சேமிக்கும்வரை பார் பெரும்பாலும் மாறாது. பலர் இங்கேதான் பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சேமித்ததும் Ctrl+End H640-க்கு வந்தது, பாரும் பழைய பருமனுக்குத் திரும்பியது.