உதவித்தொகைத் தகுதியை விரிதாளில் சரிபார்ப்பது எப்படி?

கல்லூரி உதவித்தொகை அறிவிப்புகளில் அடிக்கடி காணும் நிபந்தனைகள் மூன்று: குறிப்பிட்ட சராசரி, குறிப்பிட்ட அளவு கிரெடிட், எந்தப் பாடத்திலும் தோல்வி கூடாது. இந்த எடுத்துக்காட்டில் சராசரி 75, கிரெடிட் 20, தேர்ச்சி மதிப்பெண் 50 என்று வைத்துக்கொள்வோம். எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் இரண்டிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்.

முதலில் ஒரு மாணவியின் பருவ விவரத்தை உள்ளிடுங்கள். A பத்தியில் பாடம், B பத்தியில் கிரெடிட், C பத்தியில் மதிப்பெண். முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டுவிடுங்கள்.

```
   A            B   C
2  கணிதம்       4   88
3  நிரலாக்கம்    4   91
4  இயற்பியல்     3   84
5  ஆங்கிலம்      3   79
6  மின்னியல்     4   82
7  ஆய்வகம்       2   AB
```

ஆய்வகத் தேர்வுக்கு அந்த மாணவி வரவில்லை. அதனால்தான் C7-இல் எண் இல்லாமல் AB இருக்கிறது. இந்த ஓர் எழுத்துப் பதிவுதான் தகுதிப் பட்டியலையே தவறாக்கக்கூடியது.

அடுத்தது சராசரி. AVERAGE போட்டால் 84.8 வரும். அது எழுத்துள்ள கட்டத்தை விட்டுவிட்டு ஐந்து பாடங்களால் வகுக்கிறது. 4 கிரெடிட் கணிதத்தையும் 3 கிரெடிட் ஆங்கிலத்தையும் ஒரே எடையில் பார்க்கிறது. நமக்கு வேண்டியது கிரெடிட் எடையிட்ட சராசரி. E2-இல் இதை எழுதுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7)/SUM(B2:B7)
```

ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 1533. அதை 20-ஆல் வகுத்தால் 76.65. வராத தேர்வு இங்கே பூஜ்யமாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மதிப்பெண் எண்ணாகத் தெரிந்தும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம். அப்போதும் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளப்படும். சராசரி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

E3-இல் கிரெடிட்:

```
=SUM(B2:B7)
```

இது பதிவு செய்த கிரெடிட், அதாவது 20. சில அறிவிப்புகள் தேர்ச்சி பெற்று ஈட்டிய கிரெடிட்டைக் கேட்கும். அப்படியானால் `=SUMIF(C2:C7,">=50",B2:B7)` என்று எழுதுங்கள், விடை 18. இரண்டில் எது என்று அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்த பிறகே சூத்திரத்தை எழுதுங்கள். பாதியில் விட்டுவிட்ட பாடத்தின் வரிசை தாளில் இருந்தால் அதன் A, B, C கட்டங்களைக் காலியாக்கிவிடுங்கள்.

மூன்றாவது நிபந்தனைதான் பலரைச் சறுக்கவைக்கிறது. பெரும்பாலோர் முதலில் எழுதுவது இது:

```
=COUNTIF(C2:C7,"<50")=0
```

ஐம்பதுக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஆகவே தோல்வி இல்லை என்று கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் AB ஓர் எண் அல்ல என்பதால் COUNTIF அதைத் தாண்டிப் போய்விடும். மதிப்பெண் பதியாமல் காலியாக விட்ட கட்டத்துக்கும் அதே கதிதான். சராசரி 76.65, பதிவு செய்த கிரெடிட் 20, தோல்வி பூஜ்யம் என்று மூன்றும் சரியாகத் தெரிய, தேர்வே எழுதாத பாடத்தோடு இந்த மாணவியின் பெயர் பட்டியலில் ஏறிவிடும். அதனால் வேறொரு தகுதியுள்ள பிள்ளையின் இடம் பறிபோகலாம்.

ஆகவே தோல்வியை எண்ணாதீர்கள். தேர்ச்சியை எண்ணி, பாடங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். E4-இல்:

```
=COUNTIF(C2:C7,">=50")=COUNTA(A2:A7)
```

பாடங்கள் ஆறு, தேர்ச்சி ஐந்து. விடை FALSE. AB, காலிக் கட்டம், 49 என எது வந்தாலும் இது பிடித்துவிடும்.

இப்போது மூன்றையும் தனித்தனியாக F பத்தியில் வையுங்கள். ஒரே நீளமான சூத்திரமாக எழுதினால், விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று மாணவி கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

```
F2  =E2>=75
F3  =E3>=20
F4  =E4
F5  =IF(AND(F2:F4),"தகுதி உண்டு","தகுதி இல்லை")
```

நம் மாணவிக்கு F2, F3 இரண்டும் TRUE, F4 மட்டும் FALSE. ஆகவே F5-இல் தகுதி இல்லை என்று வரும். >= குறியைக் கவனியுங்கள். > மட்டும் போட்டால் சரியாக 75 பெற்றவர் வெளியே போய்விடுவார்.

எல்லைக்கோட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆறு பாடங்களுக்கும் 75 கொடுங்கள்: தகுதி உண்டு. ஆய்வகத்தை மட்டும் 74 ஆக்குங்கள். சராசரி 74.9 ஆகி, தகுதி இல்லை என்று வரும். E2 கட்டத்தில் தசம இடம் காட்டாதபடி அமைத்திருந்தால் திரையில் 75 என்றுதான் தெரியும். கட்டத்தின் தோற்றம் மாறினாலும் ஒப்பீடு உள்ளே இருக்கும் 74.9-ஐ வைத்தே நடக்கிறது. குறைந்தது இரண்டு தசம இடங்களைக் காட்டுங்கள். முழு எண்ணாக்கிப் பார்க்கலாம் என்று அறிவிப்பிலேயே இருந்தால் மட்டும் F2-ஐ `=ROUND(E2,0)>=75` என்று மாற்றுங்கள்.