வரியை எங்கே மடக்குவது? புதுக்கவிதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘உரைநடையை மடக்கி மடக்கிப் போட்டால் கவிதையா?’ புதுக்கவிதை மீது வைக்கப்படும் மிகப் பழைய கேலி இது. பல கவிதைகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. உங்கள் கவிதைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வரிகளை எல்லாம் சேர்த்து ஒரே பத்தியாக எழுதிப் படியுங்கள். படிக்கும் வேகமும் பொருளும் அப்படியே இருந்தால், அந்த மடக்கல்கள் எந்த வேலையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

மரபுக் கவிதையில் இந்தச் சிக்கல் இல்லை. குறள் வெண்பாவில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று சீர். அடி எங்கே முடியும் என்பதை யாப்பே சொல்லிவிடும். ஆனால் அந்தக் கட்டுக்குள்ளும் அடியின் முடிவு என்ன செய்கிறது பாருங்கள்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

முதல் அடி ‘கற்றபின்’ என்று நிற்கிறது. கற்றபின் என்ன என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அதற்கான கட்டளை இரண்டாம் அடியின் தலையில் வருகிறது. ‘கற்க’, ‘நிற்க’ என்ற இரண்டு வியங்கோள் வினைகளும் எதுகையோடு அடிகளின் தொடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமர்கின்றன. புதுக்கவிதையில் சீர்க்கணக்கு போய்விட்டது. ஆனால் ஓரிடத்தில் காக்க வைப்பதும் அடுத்த வரியின் தலையில் விடை தருவதும் அப்படியே கைக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதிலும், கண்ட இடத்தில் பயன்படுத்துவதிலும்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

மூச்சு விடும் இடத்திலெல்லாம் மடக்குவது

எழுதத் தொடங்குபவர்களிடம் அதிகம் காணும் தவறு இது. பேசும்போது இயல்பாக நிறுத்தும் இடங்களிலேயே எல்லா வரிகளும் முடியும். ஒவ்வொரு வரியும் ஒரு முழுச் சொற்றொடராக இருக்கும். இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனால் அடுத்த வரிக்குப் போக வாசகருக்கு எந்த அவசரமும் இருக்காது. தமிழில் இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் எல்லா வரியும் ஒரே ஓசையில் முடியும்:

காற்று வீசுகிறது
கொடி ஆடுகிறது
ஈரத் துணி விழுகிறது

இதைச் சரிசெய்யப் பலர் ‘வீசுகிறது காற்று, ஆடுகிறது கொடி’ என்று சொற்களைப் புரட்டிப் போடுகிறார்கள். ஓரிடத்தில் அழகாக இருக்கும், நான்கு இடத்தில் வந்தால் மேடைக் கவிதை வாடை அடிக்கும். மூன்று வினைமுற்றுகளில் இரண்டை எச்சமாக்கிவிடுவதே நல்லது:

வீசும் காற்றில் கொடி ஆட
ஈரத் துணி ஒன்று
விழுகிறது

‘ஆட’ என்பது எச்சம் என்பதால் முதல் வரி முடிந்தும் முடியாமல் நிற்கிறது. இரண்டாம் வரி எழுவாயை மட்டும் காட்டுகிறது. கவிதையின் ஒரே வினைமுற்று தனி வரியில் வருவதால் விழும் ஓசை அதற்குக் கிடைக்கிறது.

குறுகிய வரி என்றால் வேகம் என்று நினைப்பது

வரி சிறிதானால் கவிதை வேகமாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண் ஒரு நொடிப்பொழுது நிற்கிறது. பத்துச் சொல்லை ஒரே வரியில் எழுதினால் ஒரு நிறுத்தம், ஐந்து வரியாக எழுதினால் ஐந்து நிறுத்தம். ஆகவே முழுமையான சிறு வரிகள் கவிதையை மெதுவாக்கும்.

வேகம் வருவது முறியும் இடத்தின் இறுக்கத்தால். ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் இரு சொற்களுக்கு நடுவே வரி முறிந்தால், அடுத்த வரிக்கு வாசகர் இழுத்துச் செல்லப்படுவார். வேற்றுமை உருபு ஏற்ற பெயரும் அதன் வினையும், பெயரெச்சமும் அதன் பெயரும், ‘இன்’ ஏற்ற பெயரும் அதற்கு உரிய பொருளும் இப்படி இறுக்கமானவை. எழுவாய்க்கும் மற்றப் பகுதிக்கும் நடுவே உள்ள பிடி தளர்வானது, அங்கே முறித்தால் அமைதியாக இருக்கும்.

இறுக்கத்தை அளக்கத் தமிழில் ஒரு கருவி தயாராக இருக்கிறது, சந்தி. ‘அவனைப் பார்த்தேன்’ என்பதில் ‘ப்’ மிகுகிறது. ‘அவனைப்’ என்று வரியை முடித்தால் அந்தப் ‘ப்’ அடுத்த வரியைக் கேட்டுக்கொண்டே தொங்கும். அங்கே நிறுத்தம் இருக்காது, இழுப்புதான் இருக்கும். இழுப்பு வேண்டுமானால் அங்கேயே முறியுங்கள், அந்த ஒற்றெழுத்தை எடுக்காதீர்கள். நிறுத்தம்தான் வேண்டும் என்றால் ஒற்றெழுத்தை அழித்துவிட்டுச் சமாளிக்காமல் முறிவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். க, ச, த, ப-வில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால்தான் இந்தச் சோதனை செல்லும். மற்ற இடங்களில் காதுதான் துணை.

சொல்லுக்கு ஒரு வரியாகப் படிக்கட்டு போல இறக்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு கவிதையில் ஒருமுறை அது செல்லும். முழுக்க அப்படியே எழுதினால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடைத்துவிடும். ‘நாள்’, ‘பிறகு’ போன்ற சொற்கள் தனி வரியில் உட்கார்ந்துகொண்டு முக்கியமான சொல்லின் இடத்தைக் கெடுக்கும்.

முறிவு பொருளை மாற்றுவதைக் கவனிக்காமல் விடுவது

‘நேற்று வந்த அம்மாவின் கடிதம்’ என்ற தொடரில் நேற்று வந்தது அம்மாவா, கடிதமா? எழுத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. பெயரெச்சம் தனக்குப் பக்கத்துப் பெயரையும் பிடிக்கும், அதைத் தாண்டியும் பிடிக்கும். உரைநடையில் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், கவிதையில் வரி முறிவே தீர்ப்பு சொல்லிவிடும்:

நேற்று வந்த
அம்மாவின் கடிதம்

இங்கே ‘அம்மாவின் கடிதம்’ ஒரே கட்டாக நிற்பதால் வந்தது கடிதம்.

நேற்று வந்த அம்மாவின்
கடிதம்

இங்கே வந்தது அம்மா. வீட்டுக்கு வந்துவிட்ட அம்மா எழுதிய கடிதம் என்றால் கதையே வேறு. ‘ஓடிய’, ‘இறந்த’, ‘பழைய’, ‘சின்ன’ போன்ற சொற்களுக்குப் பின்னால் இரண்டு பெயர்கள் வரும்போதெல்லாம் இந்த ஆபத்து இருக்கிறது. எழுதியவருக்குப் பொருள் தெரியும் என்பதால் அவர் கண்ணில் இது படவே படாது.

இன்னொரு வகை, முதல் வரி சொன்னதை அடுத்த வரி கவிழ்ப்பது. தமிழில் மறுப்பு கடைசியில் வருவதால் இதற்கு நல்ல வசதி:

கதவைப் பூட்டியதாக நினைவு
இல்லை

முதல் வரி ஒரு நிம்மதியைத் தருகிறது, இரண்டாம் வரி அதைப் பறிக்கிறது. இதையே ‘யாரும் கதவைப் பூட்டியதாக நினைவு / இல்லை’ என்று எழுதினால் பலிக்காது. ‘யாரும்’ என்ற சொல் வந்த உடனே பின்னால் மறுப்பு வருகிறது என்று காது தெரிந்துகொள்ளும். எதுவும், எவரும், ஒருபோதும், எங்கும் ஆகியவையும் பல இடங்களில் இப்படி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். கவிழ்க்க நினைக்கும் வரியில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘என்று’, ‘என்றார்கள்’ என்று தொடங்கும் வரிகளும் கவிழ்ப்பவைதான்: மேல்வரியில் கவிஞரின் கூற்றாக இருந்தது கீழ்வரியில் யாரோ சொன்னதாகிவிடும். கவிதையின் கடைசி வரியில் மட்டும் இந்த வித்தையை வைப்பது சலித்துப்போன பழக்கம். துணுக்கின் கடைசி வரி போலச் சிரிக்க வைத்துவிட்டு முடிந்துவிடும்.

ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம்

‘மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்ததும் அம்மா முதலில் வெளியே எடுத்து வைத்தது அப்பாவின் செருப்பை.’ மூச்சுப்படி மடக்கினால் இப்படி வரும்:

மூன்று நாள் மழைக்குப் பிறகு
வெயில் வந்ததும்
அம்மா முதலில்
வெளியே எடுத்து வைத்தது
அப்பாவின் செருப்பை

தவறில்லை, ஆனால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. ‘அப்பாவின் செருப்பை’ என்று விடை முழுதாகக் கைக்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் மாற்றலாம்:

மூன்று நாள் மழைக்குப் பிறகு
வெயில் வந்ததும் அம்மா முதலில் வெளியே
எடுத்து வைத்தது அப்பாவின்
செருப்பை

மூன்றாம் வரியின் முடிவு இப்போது வேலை செய்கிறது. அப்பாவின் சட்டையா, நாற்காலியா, படமா என்று வாசகர் ஒரு கணம் துழாவுவார். ஆனால் இரண்டாம் வரியைத் தனியாகப் படித்தால் அம்மாதான் முதலில் வெளியே போகிறாள்! யாரும் கேட்காத அர்த்தம் உள்ளே புகுந்துவிட்டது. ‘வெளியே’யைக் கீழே இறக்க வேண்டும்:

மூன்று நாள் மழைக்குப் பிறகு
வெயில் வந்ததும் அம்மா முதலில்
வெளியே எடுத்து வைத்தது அப்பாவின்
செருப்பை

‘முதலில்’ என்பது எதை என்ற கேள்வியை எழுப்புகிறது, ‘அப்பாவின்’ அதைக் குறுக்குகிறது, கடைசி வரி விடை சொல்கிறது. இரண்டு முறிவுகளும் ஒரே கேள்வியைத் தொடர்வதால் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. இனி ஒரு உருபு மட்டும் பாக்கி. ‘செருப்பை’ என்றால் அந்தச் சொல் இன்னும் மேலே உள்ள வினையைப் பிடித்திருக்கிறது. ‘செருப்பு’ என்றால் அதை விட்டுவிட்டுத் தனியாக நிற்கிறது. அப்பா வீட்டில் இருக்கிறார், நனைந்த செருப்பைக் காயவைக்கிறார்கள் என்ற கவிதைக்கு ‘செருப்பை’ போதும். அப்பா இல்லாத வீட்டைப் பற்றிய கவிதை என்றால் என் தேர்வு ‘செருப்பு’தான்.

இப்படிச் சோதிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். கவிதையின் மேல் வைத்து முதல் வரி மட்டும் தெரியும்படி மூடி, வரிவரியாகக் கீழே இறக்குங்கள். தெரியும் அளவுக்குள் என்ன பொருள் வருகிறது, அடுத்து எதை எதிர்பார்க்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நீங்கள் நினைக்காத பொருள் வந்தால் முறிவை மாற்றுங்கள். எதையும் எதிர்பார்க்க வைக்காத வரிகள் அடுத்தடுத்து மூன்று நான்கு வந்தால் அங்கே கவிதை படுத்துவிட்டது. இதையே சத்தமாகவும் செய்யுங்கள், வரி முடிவில் அரை நொடி நிறுத்தி.

வரியின் தலையை மறப்பது

எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் ஒலித்துப் பழகிய காது நம்முடையது. அதனால் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கு இணையான எடை உண்டு. ‘ஆனால்’, ‘மற்றும்’, ‘ஒரு’ என்று வரிகள் தொடங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வீணாகிறது. இடதுபக்கச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள், பிறகு வலதுபக்கச் சொற்களை. கவிதைக்கு வேண்டிய பெயர்களும் வினைகளும் இரண்டு பட்டியலிலும் இல்லை என்றால் அவை வரிகளின் நடுவே புதைந்து கிடக்கின்றன.

சொல்லையே உடைத்து ‘மழை / யில்’ என்று எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘யில்’ என்பது தனியாக நிற்கும் சொல்லே அல்ல. உடைந்த இரு துண்டும் தனித்தனியே பொருள் தந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக, கைபேசித் திரை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருந்தபோதெல்லாம்’ என்ற ஒரே சொல் பாதித் திரைக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நீண்ட வரியைத் திரை தானாக மடித்துவிடும்போது நீங்கள் வைக்காத ஒரு முறிவு உண்டாகிறது, மீந்த ஒற்றைச் சொல் தனி வரி போல நிற்கிறது. வெளியிடும் முன் கைபேசியில் திறந்து பாருங்கள். மடிந்த வரி இருந்தால் அதை நீங்களே நல்ல இடத்தில் முறித்துவிடலாம், அல்லது இரண்டு சொல்லைக் குறைக்கலாம். அச்சில் என்றால், மடிந்து வரும் மிச்சத்தை உள்தள்ளி அமைக்கும்படி வடிவமைப்பவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். சொல்லாவிட்டால் இடதுபக்கம் ஒட்டி, புது வரியாகவே போட்டுவிடுவார்.