மெசினில் ரூபாயா, டொலரா? ஊருக்குப் போகிறவர்கள் ஹொட்டல் கவுண்டரில் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஹொட்டலை விட்டு வெளிக்கிடும் நேரத்தில் வான் வாசலில் நிற்கும், பிள்ளைகள் பசியில் நிற்பார்கள், பில்லை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. கவுண்டரில் இருப்பவர் கார்டை மெசினில் சொருகி, திரையை ஒருமுறை பார்த்து, ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு உங்களிடம் நீட்டுவார். நீங்கள் பின் இலக்கத்தை அடிப்பீர்கள். அவர் அழுத்திய அந்தப் பொத்தான்தான் பல வேளைகளில் உங்களுக்குச் செலவு வைக்கிறது.

வெளிநாட்டுக் கார்ட் என்று தெரிந்ததும் பல மெசின்கள் இரண்டு தொகைகளைக் காட்டும். மேலே `LKR` என்று ரூபாயில், கீழே `CAD`, `GBP`, `EUR`, `CHF` என்று உங்கள் நாட்டுக் காசில். எதைத் தெரிவது என்பது கார்ட் வைத்திருப்பவரின் உரிமை, கவுண்டரில் இருப்பவரின் வேலையல்ல. "உங்கட காசிலயே எவ்வளவு எண்டு தெரியும், அதுதான் நல்லம்" என்று அவர் சொல்லக்கூடும். தொகை உடனே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்று விகிதத்தில் ஒரு மேலதிக வீதம் சேர்ந்திருக்கும். அதை மாற்றிக் கொடுக்கும் நிறுவனமும், மெசினைக் கொடுத்த வங்கியும், பெரும்பாலும் ஹொட்டலும் பங்கிட்டுக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் விளக்கத்துக்கு மட்டும். பில் 132,000 ரூபாய், அன்றைய சந்தையில் 1 கனடிய டொலர் 220 ரூபாய் என்றால் சரியாக 600 டொலர். மெசின் 6 வீதம் கூட்டி மாற்றினால் 636 டொலர். ரூபாயில் போட்டிருந்தால் உங்கள் வங்கியே மாற்றும். வெளிநாட்டுக் கட்டணம் 2.5 வீதம் எடுக்கும் கார்ட் என்றாலும் ஏறக்குறைய 615 டொலர்தான். அந்தக் கட்டணமே இல்லாத கார்ட் என்றால் 600 டொலருக்குக் கிட்ட முடிந்துவிடும். இதைவிடக் கடுப்பானது ஒன்று உண்டு: உங்கள் நாட்டுக் காசில் போட்டாலும், கடை வெளிநாட்டில் இருக்கிறது என்று சொல்லித் தன் கட்டணத்தையும் எடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. அப்போது இரண்டு பக்கமும் அடி.

ஆகவே கார்டைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "தம்பி, ரூபாயிலயே போடுங்கோ." மெசினை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லித் திரையில் `LKR` இருக்கிறதா என்று பார்த்த பிறகு பின் இலக்கத்தை அடியுங்கள். துண்டு வெளியே வந்ததும் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை வாசியுங்கள். `EXCHANGE RATE`, `MARKUP` என்ற வரிகளும், உங்களுக்கு நாணயத் தெரிவு தரப்பட்டதாகவும் நீங்களே அதை ஒத்துக்கொண்டதாகவும் ஆங்கிலத்தில் ஒரு வசனமும் இருந்தால், ரூபாயில் போடவில்லை என்று அர்த்தம். அந்த வசனத்தின் கீழ் கையெழுத்து வைத்தால் பிறகு உங்கள் வங்கியில் வாதாடுவது கஷ்டம்.

பிழை கண்டால் அங்கேயே `VOID` செய்யச் சொல்லுங்கள். ஹொட்டல்கள் வழமையாக நாளின் முடிவில் மெசின் கணக்கை வங்கிக்கு அனுப்பி மூடுவார்கள். அதற்கு முன் செய்யும் `VOID` அந்தப் பரிமாற்றத்தையே இல்லாமல் ஆக்கும். மூடிய பிறகு `REFUND` மட்டுமே செய்யலாம். அது கணக்குக்கு வர நாட்கள் எடுக்கும், அதற்கிடையில் விகிதம் மாறி, எடுத்த தொகையைவிடக் குறைவாகத் திரும்பி வரவும் கூடும். `VOID` துண்டைக் கையில் வாங்காமல் இரண்டாவது தடவை கார்டைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, உள்ளே வரும்போதே பிடித்து வைக்கும் தொகை. சாப்பாடு, உடுப்புக் கழுவல் போன்றவற்றுக்கென்று ஹொட்டல் கார்டில் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும். துண்டில் `PRE-AUTH` என்று இருக்கும், `SALE` அல்ல. மேலே சொன்ன பில்லுக்கு முன் 40,000 ரூபாய் இப்படிப் பிடித்தார்கள் என்று வையுங்கள். வெளிக்கிடும்போது அந்த ஒதுக்கீட்டிலிருந்தே பில்லை முடித்தால் `COMPLETION` என்று வரும், குழப்பமில்லை. ஆனால் அவசரத்தில் புதிதாக ஒரு `SALE` போட்டுவிட்டு, பழையதை விடுவிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பில்லுக்கு மேல் இன்னொரு 182 டொலர் போனதுபோலத் தெரியும். அது `PENDING` என்று இருக்கும்வரை உண்மையில் எடுக்கப்படவில்லை, வங்கியும் பொதுவாக முறைப்பாட்டைப் பதியாது. கடனட்டையில் வரம்பு குறையும், அவ்வளவே. டெபிட் கார்ட் என்றால் உங்கள் சொந்தக் காசே சில நாட்கள், சிலவேளை வாரக்கணக்கில் முடங்கும். ஆகவே ஹொட்டலுக்குக் கடனட்டையைக் கொடுப்பதே புத்தி. வெளிக்கிடும்போது பழைய ஒதுக்கீட்டை விடுவிக்கச் சொல்லி, அதன் துண்டில் இருக்கும் `APPROVAL CODE` இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் வங்கிக்கு அழைத்தால் அந்த இலக்கம் ஒன்றே வேலையைச் சுருக்கும்.

அறை விலையை அமெரிக்க டொலரில் சொல்லியிருந்தால் ஒரு கேள்வியை முதல் நாளே கேளுங்கள்: "எந்த நாளின், எந்த வங்கியின் விகிதத்தில் ரூபாயாக்குவீர்கள்?" இல்லாவிட்டால் டொலர் ரூபாயாகி, ரூபாய் மீண்டும் உங்கள் நாட்டுக் காசாகி, இரண்டு தடவை நட்டப்படுவீர்கள். சேவைக் கட்டணம் 10 வீதமும், வற் வரி 18 வீதமும் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கையில் இருக்கும் பவுண்ஸ், யூரோ நோட்டுக்களைக் கவுண்டரில் மாற்றுவதை விட, வங்கியில் அல்லது மத்திய வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்தில் மாற்றிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கார்ட் என்றால் மேலதிகமாக 3 வீதம் என்று யாராவது கேட்டால், அப்படி வாடிக்கையாளரிடம் அறவிடக் கூடாது என்பதுதான் இலங்கை மத்திய வங்கியின் நிலைப்பாடு. துண்டின் தலையில் எந்த வங்கியின் மெசின் என்று இருக்கும், அந்த வங்கிக்கு முறையிடலாம்.

வீடு திரும்பிய பிறகு பிழை தெரிய வந்தால் முதலில் ஹொட்டலுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கதைப்பது சாட்சியாகாது. திகதி, தொகை, அனுமதி இலக்கம் மூன்றையும் எழுதி, எது பிழை என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் கார்ட் தந்த வங்கிக்குப் போங்கள். பல வகை முறைப்பாடுகளுக்குக் காலக்கெடு ஏறக்குறைய 120 நாட்கள், உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம்.

வெல்லக்கூடிய முறைப்பாடுகள் எளிமையானவை: ஒரே தொகை இரண்டு தடவை, துண்டில் உள்ளதைவிடக் கூடிய தொகை, திருப்பித் தருவதாக எழுதிவிட்டுத் தராத பணம், நாணயத்தைக் கேளாமலே மாற்றியது. காசாகக் கட்டிய பிறகு கார்டிலும் எடுத்திருந்தால் காசுப் பற்றுச்சீட்டு இல்லாமல் எதுவும் நடக்காது. அறை அழுக்கு, ஏசி குளிரவில்லை என்பவை கார்ட் முறைப்பாட்டில் பெரும்பாலும் எடுபடாது. நீங்கள் போன பிறகு துவாய்க்கோ உடைந்த கண்ணாடிக்கோ எடுத்திருந்தால், உள்ளே வந்தபோது நீங்கள் கையெழுத்து வைத்த பதிவுப் படிவத்தை ஹொட்டல் காட்டும். அதில் பின்னர் அறவிடுவதற்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். அப்படியான நேரத்தில் அறையை விடும்போது எடுத்த இரண்டு படங்கள், கையெழுத்து வாங்கிய இறுதி பில், `SALE` துண்டு ஆகியவைதான் உங்கள் பக்கம் நிற்கும். மெசின் துண்டின் மை சில மாதங்களில் மங்கிவிடும், விமான நிலையம் போக முன்பே படம் எடுத்துவிடுங்கள்.