பிஎல்சியை எடுத்துவிட்டு இண்டஸ்ட்ரியல் பிசி வைக்கும்போது நேரும் தவறுகள்

லேபிள் ஒட்டும் மெஷின் ஒன்றில் பழைய பிஎல்சியை எடுத்துவிட்டு, லினக்ஸ் ஓடும் இண்டஸ்ட்ரியல் பிசியை வைத்தோம். கன்ட்ரோல் ப்ரோக்ராம் 1 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஓடி, ஈத்தர்கேட் வழியாக சர்வோ டிரைவ்களுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். பிஎல்சியில் 6 மில்லி செகண்ட் பிடித்த கணக்கு இங்கே 80 மைக்ரோ செகண்டில் முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு டிரைவ், சிங்க் தவறியது என்று ஃபால்ட் காட்டி நின்றுவிடும்.

நாங்கள் செய்த முதல் தவறு, வேகத்தை நேரந்தவறாமை என்று எடுத்துக்கொண்டது. பிஎல்சி மெதுவானதுதான். ஆனால் இன்புட்டைப் படிப்பது, ப்ரோக்ராமை ஓட்டுவது, அவுட்புட்டை எழுதுவது என்ற சுற்றுக்காகவே அதன் ஃபர்ம்வேர் எழுதப்பட்டிருக்கிறது. சுற்று நேரம் கூடிக் குறைந்தாலும், எதனால் கூடியது என்று நம் ப்ரோக்ராமைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிசியில் அப்படியில்லை. நம் டாஸ்க்கோடு ஸ்க்ரீன், நெட்வொர்க், டிஸ்க் எல்லாம் அதே ப்ராசஸரைக் கேட்கின்றன. `PREEMPT_RT` கெர்னல் போட்டு (லினக்ஸ் 6.12 முதல் அது மெயின்லைனிலேயே இருக்கிறது) டாஸ்க்குக்கு உயர்ந்த ப்ரையாரிட்டி கொடுத்தால் இந்தப் போட்டி பெருமளவு அடங்கும். அதனால்தான் நாங்களும் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டாவது தவறு சோதனையில். `cyclictest` என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினோம். அதிகபட்சத் தாமதம் 38 மைக்ரோ செகண்ட் என்று வந்தது. அப்போது மெஷின் சும்மா இருந்தது, ஸ்க்ரீனை யாரும் தொடவில்லை. இதைவிடப் பெரிய பொறி ஒன்று அதற்குள்ளேயே இருந்தது. `cyclictest` ஓடும்போது, ப்ராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாமல் தானே தடுத்துவிடுகிறது. நம் கன்ட்ரோல் ப்ரோக்ராம் அப்படிச் செய்வதில்லை. அதனால் உண்மையான ஓட்டத்தில், ப்ராசஸர் தூங்கி எழுவதற்கே நூறு மைக்ரோ செகண்டுக்கு மேல் போனது. சோதனை சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தடையை எடுத்துவிட்டு, மெஷினுக்கு உண்மையான வேலையும் கொடுத்து, குறைந்தது ஒரு இரவு முழுக்க ஓட்டுங்கள்:

```
cyclictest --default-system -m -S -p 95 -i 1000 -D 12h -q
```

தூக்கத்தைத் தடுக்க நம் ப்ரோக்ராமிலும் இதைச் சேர்த்தோம். இந்த `fd`-ஐ மூடினால் தடையும் போய்விடும், மெஷின் ஓடும்வரை திறந்தே இருக்க வேண்டும்.

```
int fd = open("/dev/cpu_dma_latency", O_WRONLY);
int32_t v = 0;
write(fd, &v, sizeof v);
```

ஃபால்ட் குறைந்தது, நிற்கவில்லை. மிச்சமிருந்தது பயாஸ். சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட் என்று ஒன்று உண்டு. அது வந்தால் ப்ராசஸர் கெர்னலை விட்டுவிட்டு பயாஸ் வேலையைப் பார்க்கப் போய்விடும். என்ன ப்ரையாரிட்டி கொடுத்தாலும் பயனில்லை, லினக்ஸுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இதைப் பிடிக்க இந்தக் கருவி உதவும்:

```
hwlatdetect --duration=4h --threshold=10
```

எங்கள் பிசியில் அவ்வப்போது 400 மைக்ரோ செகண்ட் காணாமல் போயிருந்தது. சிங்க் துடிப்புக்கு முன் எங்கள் ஃப்ரேமுக்கு இருந்த அவகாசம் ஏறத்தாழ 300 மைக்ரோ செகண்ட்தான். அதாவது 100 தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஃப்ரேம் தவறினாலே ஃபால்ட் என்று டிரைவில் செட்டிங் இருந்ததால் மெஷின் நின்றது. பயாஸில் பழைய யூஎஸ்பி கீபோர்டுக்கான லெகசி சப்போர்ட்டை அணைத்ததும் சரியானது. இந்த இன்டரப்ட்களை மொத்தமாக அணைக்கப் பார்க்காதீர்கள். சில போர்டுகளில் சூட்டுப் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

இதற்கு முன்பே டிரைவில் அனுமதிக்கும் தவறுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கன்வேயர் வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால், ஒரு மில்லி செகண்ட் பழைய கட்டளையோடு போவது 1 மில்லிமீட்டர். ஃபால்ட் மறையும், லேபிள் கோணலாக ஒட்டும், காரணம் யாருக்கும் தெரியாது.

அப்புறம், கன்ட்ரோல் டாஸ்க்குக்குள்ளேயே லாக் ஃபைல் எழுதும் பழக்கம். டிஸ்க் பத்து மில்லி செகண்ட் தாமதித்தாலும் ஒன்பது பத்துச் சுற்று போய்விடும். டாஸ்க் ஒரு மெமரி பஃபரில் மட்டும் எழுதட்டும், டிஸ்க்குக்குக் கொண்டுபோவதை ப்ரையாரிட்டி குறைந்த வேறொரு த்ரெட் பார்க்கட்டும்.

இத்தனை செய்த பிறகும் எமர்ஜென்சி ஸ்டாப்பை நாங்கள் பிசிக்குக் கொண்டுவரவில்லை. அது சேஃப்டி ரிலேயிலேயே இருக்கிறது.