துளையின் செங்குத்து டாலரன்ஸை ஆழத்துக்கான சாய்வாக மாற்றுவது எப்படி?

40 மி.மீ. தடிமனுள்ள ஒரு இரும்பு பிளேட். அதில் 10 மி.மீ. டிரில்லால் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை. டிராயிங்கில் செங்குத்துக் குறிக்குப் பக்கத்தில் Ø0.1, அதையடுத்து A என்று இருக்கிறது. A என்பது பிளேட்டின் அடிமுகம். இந்தத் துளை எவ்வளவு சாயலாம்?

படி 1: 0.1 எதைக் குறிக்கிறது?

அது கோணம் அல்ல, மில்லிமீட்டர். A முகத்துக்கு மிகச் சரியான செங்குத்தில், 0.1 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய உருளை ஒன்று நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். துளையின் மையக்கோடு முழு ஆழத்துக்கும் அந்த உருளைக்குள் அடங்கியிருக்க வேண்டும். Ø குறி இல்லாவிட்டால் அது உருளை அல்ல, 0.1 இடைவெளியுள்ள இரண்டு இணைத் தளங்கள். அப்போது சாய்வு ஒரு திசையில் மட்டுமே கட்டுப்படும்.

படி 2: சாய்வைக் கணக்கிடுதல்

மையக்கோடு உருளையின் அடியில் ஒரு ஓரத்தில் தொடங்கி, மேலே எதிர் ஓரத்தில் முடியலாம். ஆகவே 40 மி.மீ. ஆழத்தில் முழு 0.1 மி.மீ. விலகல் அனுமதி.

```
0.1 / 40 = 0.0025
arctan(0.0025) = 0.143°
```

பலரும் இங்கே ஆரத்தை எடுத்து 0.05 என்று போட்டுவிடுகிறார்கள். நல்ல ஜாப் அநியாயமாக ரிஜெக்ட் ஆவது இதனால்தான். செங்குத்து டாலரன்ஸ் துளை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அது பொசிஷன் டாலரன்ஸின் வேலை. அதனால் இந்த உருளை துளையோடு சேர்ந்து பக்கவாட்டில் நகரலாம், அதன் முழு விட்டமும் சாய்வுக்கே கிடைக்கிறது.

ஆழம் மாறினால் கோணமும் மாறும். அதே Ø0.1 வெறும் 10 மி.மீ. பிளேட்டில் இருந்தால் 0.57° வரை சாயலாம். முழுவதும் துளைக்காத துளையென்றால் நேர்ச்சுவர் உள்ள ஆழத்தை மட்டும் எடுங்கள். 118° முனையுள்ள 10 மி.மீ. டிரில் அடியில் விடும் கூம்பு சுமார் 3 மி.மீ.; அது கணக்கில் சேராது.

படி 3: அளந்து பார்த்தல்

துளைக்குள் ஆட்டமில்லாமல் நுழையும் பின் கேஜ் ஒன்றைச் செருகுங்கள். மேல்முகத்துக்கு வெளியே 60 மி.மீ. நீண்டிருந்தால் வசதி. சர்ஃபேஸ் பிளேட்டில் ஆங்கிள் பிளேட்டை வைத்து, A முகம் அதில் ஒட்டுமாறு ஜாபைப் பிடியுங்கள். இப்போது பின் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும். டயல் ஸ்டாண்டை நகர்த்தி, பின்னின் மேல் விளிம்பில் 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களில் அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள்.

வித்தியாசம் +0.07 என்று வைத்துக்கொள்வோம். இதில் ஆங்கிள் பிளேட்டின் பிழையும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க, ஜாபைப் பின்னின் அச்சில் 180° திருப்பி மறுபடி அளங்கள். இப்போது −0.05 வந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியான 0.06தான் துளையின் சாய்வு, மிச்சம் 0.01 ஆங்கிள் பிளேட்டுடையது. இதேபோல் 90°, 270° நிலைகளில் அளந்ததில் 0.08 கிடைக்கிறது என்க. இரண்டு திசைகளையும் சேர்த்து, துளை ஆழத்துக்குக் கொண்டுவர வேண்டும்:

```
√(0.06² + 0.08²) = 0.10   (50 mm)
0.10 × 40 / 50 = 0.08     (40 mm)
```

0.08 < 0.1. ஜாப் பாஸ். 50 மி.மீ.க்கான 0.10ஐ அப்படியே டாலரன்ஸோடு ஒப்பிட்டிருந்தால், விளிம்பில் நிற்பதாகத் தவறாகத் தோன்றியிருக்கும்.

பின் தளர்வாக இருந்தால் இந்தக் கணக்கே பயனில்லை. துளைக்கும் பின்னுக்கும் 0.02 இடைவெளி இருந்தாலே, 40 மி.மீ. ஆழத்தில் பின் தானாக 0.02 வரை சாயும். 0.08 என்று கண்டது உண்மையில் 0.10 ஆகவும் இருக்கலாம், 0.06 ஆகவும் இருக்கலாம். பின்னைக் கையால் அசைத்து, டயல் முள் நகர்ந்தால் அடுத்த பெரிய பின்னுக்குப் போங்கள். துளை வாயிலுள்ள பிசிறையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

படி 4: டாலரன்ஸைத் தாண்டினால்

ஒரே ஜாபில் பல துளைகள் இருந்தால் அவை சாயும் திசையைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு சாய்ந்திருந்தால் ஜாப் உட்கார்ந்த விதத்திலோ ஸ்பிண்டிலிலோ கோளாறு. 80 மி.மீ. அகல ஜாபின் ஒரு ஓரத்தடியில் 0.1 மி.மீ. சில்லு சிக்கினால், 40 மி.மீ. ஆழத்தில் 0.05 சாய்வு வந்துவிடும். டாலரன்ஸில் பாதி போயிற்று. ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு பக்கம் ஓடியிருந்தால் டிரில்லையே சந்தேகியுங்கள். சென்டர் டிரில் போடாமல் தொடங்கியிருக்கலாம், அல்லது வெட்டு உதடுகள் இரண்டும் சமமாகத் தீட்டப்படாமல் இருக்கலாம். அப்படி ஓடிய துளைக்குள் ரீமரை விட்டால் விட்டம் சரியாகும். ரீமர் இருக்கும் துளையையே பின்தொடர்ந்து போவதால் சாய்வு அப்படியே நிற்கும்.