பாக்கிப் பட்டியலில் எத்தனை கணக்கைச் சோதிப்பது?

ஆடிட்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 800 கணக்குகள், மொத்தம் 50,00,000 என்று வைத்துக்கொள்வோம். 2,50,000 வரை பிழை இருந்தால் பொறுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. அதற்கு மேல் பிழை இருந்தும் நம் சோதனை கோட்டைவிடும் வாய்ப்புதான் கண்டறிதல் ரிஸ்க்.

1. ரிஸ்க்கை நிர்ணயியுங்கள். ஆடிட் ரிஸ்க் = உள்ளார்ந்த ரிஸ்க் × கட்டுப்பாட்டு ரிஸ்க் × கண்டறிதல் ரிஸ்க். ஆடிட் ரிஸ்க் 5%, மற்ற இரண்டும் 100% என்றால் கண்டறிதல் ரிஸ்க் 5%. அதற்கான காரணி, அதாவது தேர்வு எண்ணிக்கையைக் கணக்கிட அட்டவணை தரும் எண், 3. கட்டுப்பாடுகளைச் சோதித்து, அவை ஒழுங்காக இயங்குவதைப் பார்த்து அந்த ரிஸ்க்கை 50% ஆக்கினால், கண்டறிதல் ரிஸ்க் 10% வரை போகலாம், காரணி 2.3. சோதிக்காமலே 50% போடுவது வெறும் ஆசை.

2. எண்ணிக்கை. காரணி 3 என்றால் 50,00,000 × 3 ÷ 2,50,000 = 60. பாக்கிகளைக் கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 50,00,000 ÷ 60, அதாவது 83,333.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இந்த 60, பிழையே வராது என்ற கணக்கு. ஏட்டில் 40,000 உள்ள ஒரு பாக்கி, திரும்பிவந்த சரக்கைக் கழிக்காததால் உண்மையில் 30,000 தான் என்று தெரிகிறது. பிழை விகிதம் 25%. பிழையே இல்லாவிட்டாலும் பட்டியலில் இருக்கக்கூடிய பிழையின் உச்ச வரம்பு 3 × 83,333, அதாவது 2,50,000. அதோடு முதல் பிழைக்கு 25% × 83,333 × 1.75, சுமார் 36,500 கூடும்; 1.75 என்பது 5% ரிஸ்க்கில் முதல் பிழைக்கு அட்டவணை தரும் எண். மொத்தம் 2,86,500, எல்லை தாண்டிவிட்டது. கண்டுபிடித்த 10,000-ஐ மட்டும் திருத்தச் சொன்னாலும் தீராது.

ஆகவே கொஞ்சம் பிழையை முன்கூட்டியே எதிர்பாருங்கள். 50,000 எதிர்பார்த்தால், அதை 5% ரிஸ்க்குக்கு அட்டவணை தரும் 1.6 ஆல் பெருக்கி 2,50,000-இல் கழிக்க வேண்டும்: 1,70,000. மூன்றால் வகுத்தால் 56,667. இடைவெளியை 56,000 என்று குறைத்துக்கொள்ளுங்கள். சுமார் 90 தேர்வுகள் வரும். அதே பிழைக்கு இப்போது 1,68,000 + 24,500 = 1,92,500. தப்பித்தோம்.

3. பொறுக்குவது. தனி மென்பொருள் வேண்டியதில்லை, எக்செல் போதும். B-இல் பாக்கி; C-இல் கூட்டிக்கொண்டே வரும் தொகை; தொடக்க எண் வேறொரு செல்லில்:

```
=SUM(B$2:B2)
=RANDBETWEEN(1,56000)
```

இரண்டாவதை உடனே மதிப்பாக ஒட்டிவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் மாறும். தொடக்க எண், அதோடு 56,000, இன்னொரு 56,000 என்று போய், கூட்டுத்தொகை அந்த எண்ணை எட்டும் வரியை எடுங்கள். 56,000-உம் அதற்கு மேலும் உள்ள பாக்கிகள் தாமாகவே சிக்கும்; அவற்றின் பிழையைப் பெருக்காமல் அப்படியே சேர்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: பூஜ்ய, மைனஸ் பாக்கிகளை முன்பே பிரித்துத் தனியாகச் சோதியுங்கள். தேர்வான கணக்குக்கு ஆவணம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வரியை எடுக்கக் கூடாது. பின்னால் வந்த வசூல் போன்ற வேறு சான்றைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் முழுத்தொகையும் பிழை, விகிதம் 100%.