எக்ஸ்ரேயில் மணிக்கட்டை எண்ணுங்கள்

ஒன்று முதல் ஆறு வயதுவரை, எலும்பு வயதைச் சட்டென்று கணிக்க, இடது கை எக்ஸ்ரேயில் மணிக்கட்டின் சிறு எலும்புகளை எண்ணி அதில் ஒன்றைக் கழியுங்கள். ஐந்து தெரிந்தால் சுமார் நான்கு வயது.

இவை பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருப்பதால் படத்தில் தெரியாது. முதல் சில மாதங்களில் கேப்பிடேட்டும் ஹேமேட்டும் எலும்பாகும். மற்றவை பெரும்பாலும் ஒவ்வொன்றாகப் பின்தொடரும். நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த இரண்டுதான் தெரிகிறதென்றால் தைராய்டு குறைபாட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ரேடியஸ் எலும்பின் நுனியில் இருக்கும் தனித் துண்டைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். பலரும் தவறுவது அங்கேதான்.

பெண் குழந்தைகளுக்கு இவை முன்னதாகவே தோன்றும், அதனால் கணக்கு கூடுதலாகக் காட்டும். ஏழு வயதுக்கு மேல் இது உதவாது. அப்போது விரல் எலும்புகளின் நுனி வளர்ச்சியை கிரூலிக்-பைல் அட்லஸ் படங்களோடு ஒப்பிட வேண்டும். சிகிச்சை முடிவுக்கு எந்த வயதிலும் அட்லஸ்தான் சரி.